காலாவதியான டொமைன்: நம்பகமான பழைய தளம் சூதாட்டப் பக்கமாக மாறுவது எப்படி? நீங்களே கண்டறியும் முறை

பல ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணைக்கு ஓர் இணைப்பு கொடுத்திருந்தேன். அது ஒரு சிறிய தொண்டு அமைப்பின் தளம். சென்ற மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "ஐயா, நீங்கள் கொடுத்த இணைப்பைத் திறந்தால் ஆன்லைன் சூதாட்டம் வருகிறது." திறந்து பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். முகப்பில் அந்த அமைப்பின் பழைய பெயர் அப்படியே இருந்தது. கீழே எல்லாம் பந்தயத் தளங்களுக்கான இணைப்புகள். குழந்தை பெற்ற ஒரு தாய் என்னை நம்பி அங்கே போயிருப்பாரே என்பதுதான் மனத்தைக் குடைந்தது. அன்று நான் சரிபார்த்த முறையையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

டொமைனை, அதாவது ஒரு தளத்தின் முகவரிப் பெயரை, யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். நாம் பணம் கட்டுவது பதிவாளர் நிறுவனத்திடம். அதற்கு மேலே, `.com` போன்ற ஒரு முடிவெழுத்துக்கான முழுப் பேரேட்டையும் வைத்திருப்பது பதிவகம். `.com` பெயர்களுக்கான பதிவகம் வெரிசைன். நாட்டு முடிவெழுத்துகளுக்கு விதிகள் மாறும் என்பதால், `.com` பெயரையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு டொமைனின் தவணை 2025 மார்ச் 10 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒரு முறையும், ஒரு வாரம் முன்பு ஒரு முறையும், தவணை முடிந்த ஐந்து நாட்களுக்குள் இன்னொரு முறையும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும் என்பது, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. தொண்டு அமைப்புகளில் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல் வருகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு தளம் அமைத்துக் கொடுத்த தன்னார்வலரின் மின்னஞ்சலுக்கே அந்தக் கடிதங்கள் போகும். அவர் எப்போதோ விலகியிருப்பார்.

மார்ச் 10 கடந்ததும் பெயர் உடனே பறிபோவதில்லை. பதிவகம் தானாகவே ஓராண்டு நீட்டித்து, அதற்கான கட்டணத்தைப் பதிவாளரிடம் எடுத்துக்கொள்ளும். பதிவாளர் 45 நாட்களுக்குள் பெயரை நீக்கினால் அந்தக் கட்டணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆகவே ஏப்ரல் 24 வரை அவர் காத்திருக்கலாம், அதற்கு முன்பே நீக்கவும் செய்யலாம். இந்த இடைவெளியில் தளம் நின்றுபோய், விளம்பரப் பக்கம் ஒன்று தெரியத் தொடங்கும்.

ஏப்ரல் 24 அன்று நீக்கினால், அடுத்த 30 நாட்கள் மீட்புக் காலம். மே 24 வரை பழைய உரிமையாளர் மட்டுமே, வழக்கமான கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கட்டி மீட்க முடியும். பிறகு ஐந்து நாட்கள் யாராலும் எதுவும் செய்ய இயலாது. மே 29 வாக்கில் பெயர் பேரேட்டிலிருந்து விழும். அந்த நொடிக்காகவே சில நிறுவனங்களின் கணினிகள் காத்திருக்கின்றன.

ஆனால் மதிப்புள்ள பெயர்கள் பெரும்பாலும் அதுவரை வருவதே இல்லை. முதல் 45 நாட்களுக்குள்ளேயே பதிவாளர் அவற்றை ஏலத்தில் விட்டுவிடுவார். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், கண்டுபிடிக்கும்போது தேவைப்படும்.

ஏன் பழைய பெயருக்குப் பணம் கொடுக்கிறார்கள்?

அந்தத் தொண்டு அமைப்பின் தளத்துக்கு மருத்துவமனைகள், நாளிதழ்கள், என்னைப் போன்றவர்கள் எல்லாம் இணைப்புக் கொடுத்திருந்தோம். தளம் செத்தாலும் அந்த இணைப்புகள் சாவதில்லை. பல இடங்களிலிருந்து இணைப்பு வரும் பக்கத்தைத் தேடுபொறி மதிப்பாக எண்ணும். புதிய பெயரில் சூதாட்டத் தளம் தொடங்கினால் யாரும் இணைப்புத் தரமாட்டார்கள். பழைய பெயரை வாங்கினால் பத்தாண்டு நல்லெண்ணம் ஒரே நாளில் கைக்கு வந்துவிடுகிறது. இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய பக்கங்களை எடுத்து, அதே முகவரிகளில் திரும்ப ஏற்றி, நடுவில் தங்கள் இணைப்புகளைச் செருகுகிறார்கள்.

பெயர் பெற்ற தளங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. பெண்கள் எழுதி நடத்திய அமெரிக்கத் தளமான தி ஹேர்பின் 2018-ல் மூடப்பட்டது. பின்னர் அதன் முகவரி வேறொருவர் கைக்குப் போனது. எழுதிய பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டு, பழைய கட்டுரைகளில் ஆண் பெயர்களைப் போட்டிருந்ததை 2024 ஜனவரியில் வயர்டு இதழ் வெளிப்படுத்தியது. உழைப்பையும் பெயரையும் சேர்த்தே திருடிய செயல் இது.

2024 மார்ச்சில் கூகுள் இதை விதிமீறலாக அறிவித்தது. பழைய பெயரை வாங்குவது குற்றமில்லை. தேடலில் மேலே வருவதற்காகப் பயனற்ற பக்கங்களை அதில் நிரப்புவதுதான் மீறல். அத்தகைய தளம் தேடலில் அகப்படாமல் போனாலும், பழைய இணைப்பின் வழியே நேராக வருபவரை இந்த விதி காப்பாற்றாது.

படி 1: பேரேட்டைப் பாருங்கள்

`lookup.icann.org` தளத்தில் டொமைனை இட்டுத் தேடுங்கள். `Created` என்னும் தேதிதான் முக்கியம். தளம் 2009 முதல் இருந்ததாக உங்களுக்குத் தெரியும், ஆனால் `Created` 2025 என்று காட்டுகிறது என்றால், பெயர் ஒருமுறை விழுந்து யாரோ புதிதாக எடுத்திருக்கிறார்.

பழைய தேதியே இருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஏலத்தில் கைமாறிய பெயருக்குத் தேதி மாறாது. `Registry Expiration` தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். பணம் கட்டாத பெயருக்கும் பதிவகம் ஓராண்டு நீட்டித்திருக்கும் என்று மேலே பார்த்தோம். `Domain Status` என்ற இடத்தில் `redemption period` என்று இருந்தால் பெயர் இன்னும் பழையவரிடம் திரும்ப முடியும். `pending delete` மட்டும் இருந்தால் காலம் கடந்துவிட்டது.

படி 2: பழைய படிகளை ஒப்பிடுங்கள்

இணைய ஆவணக் காப்பகமான `web.archive.org` சென்று அதே முகவரியை இடுங்கள். ஆண்டு வாரியாகப் பதிவுகள் தெரியும். கடைசியாக நல்ல பக்கம் எப்போது இருந்தது, அடுத்த பதிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு அகப்பட்டது இதுதான்: முதலில் தடுப்பூசி அட்டவணை, பிறகு "இந்த டொமைன் விற்பனைக்கு" என்னும் பக்கம், சில மாத வெறுமை, அதன்பின் சூதாட்டம். இந்த வரிசை கைமாறியதற்கான தெளிவான அடையாளம்.

வேறொரு சாத்தியமும் உண்டு. தளம் இன்னும் அதே அமைப்பிடம் இருக்க, யாராவது உள்ளே புகுந்திருக்கலாம். அப்போது விற்பனைப் பக்கமோ இடைவெளியோ இருக்காது. நல்ல பக்கங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்க, அவற்றுக்கிடையே குப்பைப் பக்கங்கள் முளைத்திருக்கும். `example.com` இருக்கும் இடத்தில் அந்த டொமைனை இட்டு, கூகுளில் `site:example.com` என்று தேடினால் இரண்டும் கலந்து தெரியும். அப்படியானால் அமைப்பிடம் சொல்லுங்கள், அவர்களால் சரிசெய்ய முடியும்.

படி 3: உங்கள் இணைப்பை மாற்றுங்கள்

பெயர் கைமாறியது உறுதியானால், இணைப்பை நீக்குங்கள் அல்லது காப்பகத்துப் படிக்குத் திருப்புங்கள்:

```
https://web.archive.org/web/2015/http://example.com/page
```

நடுவில் உள்ள ஆண்டு, தளம் நல்ல நிலையில் இருந்த ஆண்டாக இருக்க வேண்டும். அதற்கு மிக அருகில் உள்ள பதிவு திறக்கும். தடுப்பூசி போன்ற விஷயங்களில் பழைய படி போதாது. நான் அந்த இணைப்பை எடுத்துவிட்டு, இப்போது நடப்பில் உள்ள அரசு அட்டவணையைச் சேர்த்தேன்.

நீங்களே ஒரு தளத்தை மூடுவதாக இருந்தால்

அந்த டொமைனில் முடியும் மின்னஞ்சலைக் கொண்டு வங்கியிலோ சமூக வலைத்தளத்திலோ கணக்குத் தொடங்கியிருந்தால், முதலில் அவை எல்லாவற்றையும் வேறு முகவரிக்கு மாற்றுங்கள். பெயரை அடுத்து எடுப்பவர் அதே மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, கடவுச்சொல்லை மாற்றக் கோரினால், அந்தக் கடிதம் அவருக்கே போகும். மாற்றி முடித்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் பெயரைப் புதுப்பித்து வைத்திருங்கள். அதற்குள் விடுபட்ட கணக்கு எதிலிருந்தாவது ஒரு கடிதம் வந்து நினைவூட்டும்.