உப்பு நெல்லிக்காயின் மேல் வெள்ளை ஏடு: எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா, கொட்டிவிட வேண்டுமா?

உப்புநீரில் ஊறும் நெல்லிக்காயின் மேல் வெள்ளையாக எது தெரிந்தாலும் எங்கள் வீட்டில் ‘பூத்துவிட்டது’ என்றுதான் சொல்வோம். குழப்பம் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பூப்பவை இரண்டு. ஒன்று ஈஸ்ட், அதை வழித்தெடுத்துவிட்டு நெல்லிக்காயைச் சாப்பிடலாம். மற்றொன்று பூசணம், அது வந்தால் ஜாடியில் இருப்பது முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

சென்ற கோடையில் அரை கிலோ நெல்லிக்காயை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 60 கிராம் கல் உப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் நான்கு பச்சைமிளகாயும் போட்டு ஊறவைத்தேன். ஆறாம் நாள் நீரின் மேல் வெள்ளை ஏடு படர்ந்திருந்தது. அதை வைத்தே விளக்குகிறேன்.

1. குலுக்காமல் பாருங்கள்

ஜாடியைக் கிளறினால் அடையாளங்கள் கலைந்துவிடும். அசைக்காமல் திறந்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

ஈஸ்ட் நீர்மட்டத்தோடு ஒட்டித் தட்டையாகப் படரும். ஆறிய பாலின் மேல் கட்டும் ஆடை போலவோ, மாவு தூவியது போலவோ இருக்கும். நாளானால் சுருக்கம் விழும். அடியில் குமிழிகள் சிக்கியிருக்கும். நிறம் வெள்ளை அல்லது வெளிர் சந்தனம்.

பூசணம் தனித்தனி வட்டப் புள்ளிகளாகத் தொடங்கும். பஞ்சு போல நீருக்கு மேலே எழும்பி நிற்கும். டார்ச் வெளிச்சத்தில் மெல்லிய இழைகள் தெரியும். பிறகு பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் ஏறும். மிதக்கும் மிளகாய்க் காம்பையும் ஜாடியின் கழுத்தையும் மறக்காமல் பாருங்கள். பூசணம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பிடிக்கிறது.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. இளம் பூசணமும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஐயமாக இருந்தால் மூடி வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஈஸ்ட் தட்டையாகவே பரவும். பூசணத்தில் பஞ்சு எழும்பும். அதன்பிறகும் தெளிவு வராவிட்டால் பூசணம் என்றே கொள்ளுங்கள். ஏடு இளஞ்சிவப்பாக இருந்தால், அது ஈஸ்டாகவே இருந்தாலும், நான் வைத்துக்கொள்வதில்லை.

ஜாடியின் அடியில் தங்கும் வெள்ளை வண்டல் வேறு. அது புளிக்கவைத்த நுண்ணுயிர்கள் அடங்கிப் படிந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

2. மணமும் காயும்

பஞ்சு போலத் தெரிந்தால் முகர்ந்து பார்க்கக் கூடாது. பூசண வித்துகள் மூச்சில் போகும். தட்டையான ஏடாக இருந்தால் மட்டும் முகருங்கள். புளித்த மாவின் வாடை சரி. அழுகல் நாற்றமோ மக்கிய வாடையோ வந்தால், காய் கொழகொழத்திருந்தால், கொட்டிவிடுங்கள். சுவைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

3. பூசணம் என்றால்

மேலாக எடுத்துவிட்டுக் கொதிக்கவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கண்ணுக்குத் தெரிவது மேற்பகுதிதான். இழைகள் காய்க்குள்ளும் இறங்கியிருக்கலாம். சில பூசணங்கள் நஞ்சுகளை உண்டாக்கும், அந்த நஞ்சுகளுள் அஃப்ளாடாக்சின் போன்றவை சமையல் சூட்டில் முழுமையாக அழிவதில்லை. கொட்டிவிட்டு ஜாடியைச் சோப்பு போட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவையுங்கள்.

4. ஈஸ்ட் என்றால்

என் ஜாடியில் இருந்தது ஈஸ்ட். தட்டைக் கரண்டியால் ஏட்டை வழித்தேன். ஒட்டியிருந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றியெடுத்து, கழுத்தையும் மூடியையும் துடைத்தேன். மிதந்த மிளகாயை எறிந்தேன்.

ஏட்டை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. இந்த ஈஸ்ட் நீரிலுள்ள அமிலத்தைத் தின்று வளர்கிறது. புளிப்பு குறையக் குறைய மற்றக் கிருமிகளுக்கு வழி திறக்கும். நெல்லிக்காய் இயல்பிலேயே நல்ல புளிப்பு என்பதால் தாங்கும். கேரட், வெள்ளரி போன்றவற்றுக்குப் புளிக்கும்போது உண்டாகும் அமிலம்தான் காவல். அவற்றில் ஏடு வந்தால், புளிப்பை அளக்கும் பிஎச் தாளை நீரில் நனைத்துப் பாருங்கள். எண் கூடினால் புளிப்பு குறைவு. 4.6க்கு மேல் போயிருந்தால் கொட்டிவிட வேண்டும். 4 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நிம்மதி.

5. ஏன் வந்தது?

ஒரு லிட்டருக்கு 60 கிராம் என்பதை ஏறக்குறைய ஆறு சதவீதம் என்று எண்ணிக்கொண்டேன். காய்க்குள்ளும் நீர் இருக்கிறதே! உப்பு காய்க்குள் இறங்கியபின், ஒன்றரை கிலோவுக்கு 60 கிராம்; அதாவது நான்கு சதவீதம்தான். காயையும் நீரையும் சேர்த்து நிறுத்து, அதற்கு ஐந்து சதவீதம் போட்டிருக்க வேண்டும்: 75 கிராம். குறைந்த 15 கிராமைக் கொஞ்சம் கொதிநீரில் கரைத்து, ஆறவைத்து ஊற்றினேன். கல் உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். கல்லின் பருமனுக்கேற்ப எடை மாறும்.

ஆனால் உப்பு மட்டும் ஈஸ்டைத் தடுக்காது. மிகுந்த உப்பையும் தாங்கும் ஈஸ்ட் உண்டு. அதற்குக் காற்று வேண்டும், அதைத்தான் அடைக்க வேண்டும். காய்கள் அமிழும்படி ஒரு சிறு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். பாதி காலியாக இருந்த பெரிய ஜாடியிலிருந்து, கழுத்துவரை நிரம்பும் சிறிய ஜாடிக்கு மாற்றினேன். தினமும் திறந்து பார்ப்பதையும் நிறுத்தினேன். மாற்றிய ஐந்தாம் நாள் திறந்தபோது ஓரத்தில் மட்டும் மெல்லிய ஏடு இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, நன்றாக ஊறியிருந்த நெல்லிக்காயை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தேன்.