பெற்றோருக்கு இல்லாத நோய் மகனுக்கு: வம்சாவளி வரைபடத்தைப் படிப்பது எப்படி?

முதலில் வரைபடத்தைப் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கருமை. தம்பதியை ஒரு கோட்டால் இணையுங்கள். உறவுக்குள் திருமணம் என்றால் இரட்டைக் கோடு. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

எடுத்துக்காட்டுக் குடும்பம் இது. தாத்தா, பாட்டி இருவருக்கும் நோய் இல்லை. அவர்களுடைய மகனுக்கு இருக்கிறது, மகளுக்கு இல்லை. அந்த மகள் வெளியில் திருமணம் செய்கிறாள். கணவருக்கும் நோய் இல்லை, ஆனால் பிறந்த பையனுக்கு இருக்கிறது.

படி 1: ஓங்கு பண்பா? ஓங்கு பண்பு என்றால் நோயுள்ள பிள்ளையின் பெற்றோரில் ஒருவருக்காவது நோய் தெரிய வேண்டும். இங்கே இரண்டு தலைமுறையிலும் அப்படி இல்லை. ஆகவே ஒடுங்கு பண்புதான், அதாவது சரியான மரபணு ஒன்று கூட இருந்தால் நோய் வெளியே தெரியாது. (புதிய மரபணு மாற்றத்தாலோ, மரபணு இருந்தும் நோய் வெளிப்படாததாலோ இந்த விதி சில குடும்பங்களில் பிசகும். ஒரே குடும்பத்தில் இரண்டு முறை அப்படி நடப்பது அரிது.)

படி 2: அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதா, ஆண் பெண் இருவரிடமும் ஜோடியாக உள்ள உடல் குரோமோசோமில் இருக்கிறதா? நோயுள்ள பெண்ணைத் தேடுங்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒடுங்கு நோய் ஒரு பெண்ணுக்கு வர, அவளுடைய இரண்டு எக்ஸிலும் கோளாறு இருக்க வேண்டும். அதில் ஒன்று அப்பா தந்தது. அவருக்கு இருப்பதே ஒரு எக்ஸ்தான் என்பதால் அவருக்கும் நோய் இருந்தாக வேண்டும். நோயில்லாத அப்பாவுக்கு நோயுள்ள மகள் இருந்தால் விடை உடல் குரோமோசோம் என்று முடித்துவிடலாம். நம் குடும்பத்தில் அப்படி ஒரு மகள் இல்லை. அதனால் மட்டும் எக்ஸ் என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டுமே இன்னும் சாத்தியம்தான்.

படி 3: கணக்குப் போடுங்கள். எக்ஸ் என்று வைத்தால் பாட்டி கடத்தி, அதாவது தனக்கு நோய் இல்லாமலே கோளாறான மரபணுவைச் சுமப்பவர். மகள் கடத்தியாக இருக்க 1/2, அவள் பையனுக்கு நோய் வர 1/2:

```
1/2 × 1/2 = 1/4
```

உடல் குரோமோசோம் என்றால் தாத்தா, பாட்டி இருவருமே கடத்திகள். மகளுக்கு நோய் இல்லாததால் நான்கு வாய்ப்புகளில் ஒன்று போய்விடுகிறது. மீதி மூன்றில் இரண்டு கடத்தி, அதாவது 2/3. கணவரும் கடத்தியாக இருக்க வேண்டும். மக்களில் 50 பேருக்கு ஒருவர் கடத்தி என்று கொள்வோம். இருவரும் கடத்தி என்றால் பிள்ளைக்கு நோய் வர 1/4:

```
2/3 × 1/50 × 1/4 = 1/300
```

எக்ஸ் பக்கம் 75 மடங்கு கனம். நோய் அரிதாக ஆக, இந்த இடைவெளி இன்னும் கூடும்.

படி 4: இரட்டைக் கோடு இருக்கிறதா? கணவர் அந்தப் பாட்டியின் அண்ணன் மகன் என்று மாற்றிப் பாருங்கள். பாட்டி கடத்தி என்றால் அண்ணன் கடத்தியாக இருக்க 1/2, அவர் மகனுக்கு 1/4:

```
2/3 × 1/4 × 1/4 = 1/24
```

இப்போது வித்தியாசம் வெறும் 6 மடங்கு. இந்த நிலையில் வரைபடத்தை மட்டும் நம்பி எக்ஸ் என்று எழுதக் கூடாது. மரபணுப் பரிசோதனைதான் தீர்த்துச் சொல்லும்.