காலைக் கூட்டத்தில் அமைதியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டப் பாடசாலையோ நகரப் பாடசாலையோ, காலைக் கூட்டத்தில் ‘உள்ளே கேட்பது’, அதாவது அமைதியாக நின்று தன் உடம்பையும் மனதையும் கவனிப்பது பற்றி நாலு நிமிடம் பேசச் சொன்னால், புதிதாகப் பேச வருகிறவர்கள் வழுக்குவது ஒரே மாதிரியான இடங்களில்தான். மைக்கைத் தட்டிப் பார்ப்பது, தாளை அப்படியே வாசிப்பது எல்லாம் பழகப் பழகத் திருந்திவிடும். திருந்தாமல் நிற்பவை கீழே உள்ளவை.

“மனதை வெறுமையாக்குங்கள்”

இந்த ஒரு வாக்கியம் முழுப் பேச்சையும் கெடுத்துவிடும். எத்தனை தடவை சொன்னாலும் இதை யாரும் விடுவதாக இல்லை.

ஒன்றை நினைக்காதே என்றால், நினைக்கிறோமா என்று மனம் அடிக்கடி எட்டிப் பார்க்கும்; பார்க்கும்போதே நினைப்பும் வந்துவிடும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. பெரியவர்களாலேயே முடியாததைத் தரம் 6 பிள்ளையிடம் கேட்டால், கண்ணை மூடி நடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ‘எனக்கு இது வராது’ என்ற எண்ணத்தோடு வகுப்புக்குப் போய்விடும்.

மனதை வெறுமையாக்கச் சொல்லாமல், பிடித்துக்கொள்ள ஒன்றைக் கொடுங்கள். கையில் இருப்பதிலேயே எளிது இதயத் துடிப்பு. ஆனால் நேராக “உங்கள் இதயத்தைக் கேளுங்கள்” என்றும் தொடங்காதீர்கள். சும்மா நிற்கும்போது பலருக்குத் துடிப்பு தெரியாது.

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்று, 7.30 மணி, பனிமூட்டம், முற்றம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தில் துள்ளினால் வழுக்கும். ஆகவே நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி அரை நிமிடம் வேகமாக நடைபோடச் சொல்லுங்கள். மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகளும் உடம்புக்கு முடியாதவர்களும் சும்மா நிற்கட்டும். நிறுத்தியதும் உள்ளங்கையை நெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். இப்போது அநேகமாக எல்லோருக்கும் ‘டப் டப்’ என்று தெரியும்.

இந்த இடத்தில் “சத்தம் போடாதே” என்று சொல்லத் தேவையில்லை. “அது எப்போது மெதுவாகிறது என்று பாருங்கள்” என்று மட்டும் கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள்ளேயே வேகம் நன்றாக இறங்கும். இறங்க இறங்கத் துடிப்பும் மெலிந்து போகும். அசைந்தால், பேசினால் கைக்கு எட்டாது. அதனால் பிள்ளைகள் தாமாகவே அசையாமல் நிற்பார்கள். அமைதி எதற்கு என்பதை நீங்கள் விளக்கும் முன்பே அவர்கள் கண்டுகொள்கிறார்கள்.

பிறகு இரண்டு வாக்கியம் போதும்: பசியும் பயமும் கோபமும்கூட முதலில் இப்படித்தான் உடம்பில் மெல்லியதாக வரும், கணக்கு விடைத்தாள் கொடுக்கும் முன் வயிறு இறுகுவதைக் கவனித்திருப்பீர்கள். துடிப்பு பிடிபடாத பிள்ளைகள் இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே கழுத்தின் ஒரு பக்கத்தில் மெதுவாக வைத்துப் பார்க்கலாம். அதுவும் தெரியாவிட்டால் தூரத்து பெக்டரிச் சத்தத்தையோ, வளைவில் பஸ் அடிக்கும் ஹோர்னையோ கேட்கட்டும். “எல்லோருக்கும் தெரிகிறது அல்லவா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மௌனத்தை நீட்டுவது

சின்ன வகுப்புகளுக்கு 30 செக்கன், பெரிய வகுப்புகளுக்கு ஒரு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தே நிறுத்துங்கள். மேடையில் நிற்பவருக்கு 10 செக்கனே நீளமாகத் தோன்றி, இடையில் பேசத் தொடங்கிவிடுவார். முதலில் வரும் சிரிப்பு தானாக அடங்கும். அதட்டினால்தான் வளரும்.

கண்ணை மூடக் கட்டாயப்படுத்துவது

வேண்டாம். சப்பாத்து நுனியைப் பார்த்தால் போதும்.

பின்னணி இசை

கேட்கச் சொல்லிவிட்டுக் கேட்க விடாமல் செய்வது.

விறைத்து நிற்க வைப்பது

அமைதி என்றதும் ‘அட்டென்ஷன்’ நிலையில் நிறுத்திவிடுகிறார்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் லயத்திலிருந்து ஏற்றம் ஏறி வந்த பிள்ளை, முழங்காலை இறுக்கி அசையாமல் நின்றால், இரத்தம் கால்களில் தேங்கி மூளைக்குப் போவது குறையும், மயங்கி விழும். முகம் வெளுப்பது, குளிரிலும் வியர்ப்பது, கொட்டாவி விடுவது முன் அறிகுறிகள். உடனே உட்கார வையுங்கள்; விழுந்துவிட்டால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். முன்கூட்டியே “முழங்காலைத் தளர்த்துங்கள், கால்விரல்களை அழுத்தி விடுங்கள்” என்று சொல்லி வைப்பது நல்லது.

பத்துத் தடவை ஆழமாக மூச்சு

வேகமாக இழுத்து இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரமரக்கும். அதை ‘உள்ளனுபவம்’ என்று பிள்ளை நினைத்துக்கொள்வது இன்னொரு தொல்லை. மூன்று மூச்சு போதும். உள்ளே மூன்று எண்ணினால் வெளியே ஐந்து. நுவரெலியாவின் ஜனவரிக் காலையில் வெளிமூச்சு வெள்ளைப் புகையாகத் தெரியுமே, அதை மெல்லியதாக நீட்டச் சொன்னால் தரம் 1 பிள்ளையும் சரியாகச் செய்யும்.

“அமைதியாக இருந்ததா?” என்று முடிப்பது

கூட்டமே “ஆமாம் டீச்சர்” என்று கத்தும், ஒன்றும் தெரியவராது. “துடிப்பு எங்கே தெரிந்தது, நெஞ்சிலா, கழுத்திலா, காதிலா?” என்று மூன்று பேரிடம் கேளுங்கள். பதில்கள் வேறுவேறாக வந்தால் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள். மூன்றும் ஒரே மாதிரி வந்தால் முதலாவது பிள்ளையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை கேள்வியை வேறு வரிசையிலிருந்து தொடங்குங்கள். பிறகு மைக்கை அறிவித்தல் வாசிப்பவரிடம் கொடுத்துவிடலாம்.