யார், யாருக்கு: சைகை மொழி கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைகை மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு வருபவர்களின் காணொளிகளைத் திருத்தும்போது, நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ அதே வரிசையில் வந்து நிற்பதைக் காண்கிறேன். விரலெழுத்தில் தடுமாறுவது, சைகை மறந்துபோவது, கை தாழ்ந்துவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பழகப் பழக அவை தாமே சரியாகிவிடும். சரளம் கூடக் கூட மறைந்துகொள்பவை இலக்கணப் பிழைகள்தாம். அவற்றுள் ஒன்று இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதால், அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒருவரை ஓரிடத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தை மறப்பது

"மேலாளர் கணக்காளரிடம் கோப்பைக் கேட்டார்" என்ற தமிழ்த் தொடரில் சொற்களை எப்படி மாற்றி வைத்தாலும், கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் யார் என்பது குழம்புவதில்லை. வேற்றுமை உருபு அதைப் பிடித்துவைத்திருக்கிறது. சைகை மொழிகள் பலவற்றில் இந்த வேலையைச் செய்வது சைகையாளரின் உடலுக்கு முன்னுள்ள வெளி. மேலாளரைக் குறிக்கும் சைகையைச் செய்து வலப்புறம் ஓரிடத்தைச் சுட்டினால், அந்த இடம் மேலாளருக்கு உரியதாகிவிடுகிறது. அவ்வாறே இடப்புறம் கணக்காளருக்கு. அதன்பின் 'கேள்' என்ற வினையை வலமிருந்து இடமாக நகர்த்தினால் மேலாளர் கேட்டார் என்றும், இடமிருந்து வலமாக நகர்த்தினால் கணக்காளர் கேட்டார் என்றும் பொருள். இரண்டிலும் கைவடிவம் ஒன்றே. நகரும் திசைதான் எழுவாயையும் செயப்படுபொருளையும் சொல்கிறது.

இவ்வளவும் முதல் மாதத்திலேயே எல்லாருக்கும் புரிந்துவிடும். தவறு நிகழ்வது மூன்றாவது, நான்காவது வாக்கியத்தில்.

ஓர் அலுவலக விசாரணையின் காணொளிப் பதிவைச் சரிபார்க்கும் பொறுப்பு ஒருமுறை எனக்கு வந்தது. விவரங்களை மாற்றியே சொல்கிறேன். காது கேளாத ஊழியர் ஒருவர் அங்கே சாட்சியாக அமர்ந்திருந்தார். கோப்பு கணக்காளரிடம் இருந்தது, மேலாளர் அதைக் கேட்டார், கணக்காளர் கொடுக்கவில்லை. இதைத்தான் சாட்சியிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. விசாரணையில் பேசப்பட்ட இருவருமே அந்த அறையில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் மேலாளரை வலப்புறமும் கணக்காளரை இடப்புறமும் முறையாக வைத்தார். முதல் வாக்கியம் பிழையின்றிச் சென்றது. பின்னர் பின்வரிசையிலிருந்து ஒருவர் இடைமறித்துப் பேச, அவர் சொல்வதைக் கேட்க உடலைத் திருப்பிய மொழிபெயர்ப்பாளர், மீண்டும் சாட்சியை நோக்கியபோது, கடைசியாகப் பேசப்பட்ட கணக்காளரைத் தம் வலக்கைப் பக்கத்திலிருந்தே தொடங்கிவிட்டார். பெயரை மீண்டும் சொல்லவும் இல்லை. 'கேட்டார்' என்பது இடமிருந்து வலமாகவும், 'கொடுக்கவில்லை' என்பது வலமிருந்து இடமாகவும் சென்றன. அதாவது, கணக்காளர் கேட்டார், மேலாளர் கொடுக்கவில்லை.

"இது உண்மையா?" என்று கேட்கப்பட்டதும் சாட்சி, நியாயமாகவே, "இல்லை" என்றார். மேலாளர் கோப்பைக் கேட்டதைச் சாட்சி மறுக்கிறார் என்று குறிப்பில் எழுதப்பட்டது. அந்தக் குறிப்பின்மேல் அடுத்தடுத்துக் கேள்விகள் எழுந்தன. இறுதியில் சாட்சியே கையை உயர்த்தி நிறுத்தி, "மேலாளரை நீங்கள் வைத்தது அந்தப் பக்கம் அல்லவா?" என்று கேட்ட பிறகுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க நேர்ந்தது. அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால், உண்மையைச் சொன்ன ஒருவர் பொய்சாட்சி சொன்னவராகப் பதிவாகியிருப்பார்.

எனக்கு எரிச்சல் ஏன் என்றால், அந்தப் பதிவில் ஒரு சைகைகூடத் தவறில்லை. தவறான சைகையைக் கண்டால் பார்ப்பவர் முகம் சுளிப்பார், மீண்டும் கேட்பார். தவறான இடத்திலிருந்து புறப்பட்ட வினையோ இலக்கணம் பிசகாத, முழுமையான, வேறொரு வாக்கியமாக நிற்கும். பார்ப்பவர் தலையாட்டுவார், சரியாகப் புரிந்துகொண்டுதான் ஆட்டுவார், நீங்கள் சொல்ல நினைக்காததை.

இடத்தைத் தொலைப்பதற்கு வேறு சில வழிகளும் உண்டு. எல்லா வினைகளும் செய்பவரிடமிருந்து செயப்படுபவரை நோக்கி நகரும் என்று மனப்பாடம் செய்துகொள்வது அவற்றுள் முதன்மையானது. அமெரிக்கச் சைகை மொழியில் 'எடுத்துக்கொள்', 'அழைப்பு விடு' போன்ற வினைகள் எதிர்த்திசையில் நகர்கின்றன. அழைக்கப்படுபவர் இருக்கும் இடத்தில் தொடங்கி, அழைப்பவரிடம் வந்து முடிகின்றன. இது விதிவிலக்குப் பட்டியல் அல்ல. கை நகரும் பாதை, ஒன்று எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறது. உள்ளங்கை அல்லது விரல்நுனி எவரை நோக்கியிருக்கிறதோ அவரே செயப்படுபவர். 'கொடு' என்பதில் இவ்விரண்டும் ஒரே திசையில் அமைவதால் வேறுபாடு தெரிவதில்லை. 'எடுத்துக்கொள்' என்பதில் உள்ளங்கை இழப்பவரை நோக்கியிருக்க, கை எடுப்பவரிடம் திரும்பி வருகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பட்டியல் தேவைப்படாது.

இன்னொன்று, திசையே ஏற்காத வினைகளை வலுக்கட்டாயமாக நகர்த்துவது. அதே மொழியில் 'விரும்பு', 'அறி' போன்றவை உடலோடு ஒட்டியே செய்யப்படுகின்றன. அவற்றை இடமிருந்து வலமாக இழுத்தால் வாக்கியம் வராது. அங்கே சைகைகளின் வரிசையையும் சுட்டலையும்தான் நம்ப வேண்டும்.

பேசப்படுபவர் அதே அறையில் அமர்ந்திருந்தால், அவருக்கெனப் புதிதாக ஓர் இடத்தை உருவாக்காதீர்கள். அவர் அமர்ந்திருக்கும் திசையே அவருடைய இடம். கதவருகே இருப்பவரை உங்கள் இடப்புறம் வெற்றிடத்தில் வைத்துப் பேசினால், பார்ப்பவருக்கு அது மூன்றாவது ஓர் ஆளாகத் தெரியும்.

பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் காணொளியை ஒலியை நிறுத்திவிட்டு, ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு வினைக்கும் 'யார், யாரை' என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பொருளை நினைவிலிருந்து நிரப்பாமல், கை புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் மட்டும் நம்பி எழுத வேண்டும். தாளில் உள்ளது மூலப் பேச்சோடு எந்த வாக்கியத்தில் முரண்படத் தொடங்குகிறது என்று பார்த்தால், அதற்குச் சற்று முன்னர் உடல் திரும்பியிருப்பதையோ, பேசுபவர் மாறியிருப்பதையோ, நான்காவதாக ஒருவர் கதைக்குள் நுழைந்திருப்பதையோ காண்பீர்கள். இரண்டு மூன்று பேருக்குமேல் இடம் ஒதுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அதைக் காப்பாற்றுவதில்லை. பேச்சின் நடுவே பிழையை உணர்ந்தால், அமைதியாகத் திசையை மாற்றிக்கொண்டு தொடராதீர்கள்; நிறுத்தி, பிழை என்று சொல்லி, பெயரோடு சுட்டி இடங்களை மீண்டும் நிறுவிய பிறகே வினையைச் செய்ய வேண்டும்.

முகத்தை உணர்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வது

"இன்னும் முகபாவனை வேண்டும்" என்று சில ஆசிரியர்கள் சொல்லக் கேட்டு, மாணவர்கள் எல்லா வாக்கியங்களுக்கும் கண்களை விரித்துக்கொண்டு வருகிறார்கள். முகம் காட்டும் அனைத்தும் உணர்ச்சி அல்ல. அமெரிக்கச் சைகை மொழியில் ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விக்குப் புருவம் உயர்கிறது. யார், எங்கே, ஏன் என்ற கேள்விக்குப் புருவம் சுருங்கித் தாழ்கிறது. 'மழை', 'கூட்டம்', 'இல்லை' என்ற மூன்று சைகைகளையும் சலனமற்ற முகத்தோடு செய்தால், மழை பெய்கிறது, கூட்டம் இல்லை என்று இரண்டு செய்திகள். 'மழை' என்ற பகுதி முழுவதும் புருவத்தை உயர்த்தி, அது முடிந்ததும் இறக்கினால், மழை பெய்தால் கூட்டம் இல்லை. தமிழில் '-ஆல்' என்ற விகுதி செய்வதை அங்கே புருவம் செய்கிறது.

எனவே முக்கியமானது புருவம் எவ்வளவு உயர்கிறது என்பதைவிட எப்போது உயர்ந்து எப்போது இறங்குகிறது என்பதே. உணர்ச்சி மெல்ல ஏறி மெல்ல வடியும். இலக்கணக் குறியோ தொடர் தொடங்கும் இடத்தில் சட்டென்று தொடங்கி, முடியும் இடத்தில் சட்டென்று முடியும். புருவத்தை ஒரு சைகை தாமதமாக இறக்கினால் 'கூட்டம்' என்பதும் நிபந்தனைக்குள் போய்விடும். மூளைப் பாதிப்புற்ற சைகையாளர்களிடம் நடந்த ஆய்வுகளில், ஒருவகை முகக்குறி சிதைந்தும் மற்றது எஞ்சியும் இருப்பது காணப்பட்டிருக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மறுப்பைப் பொறுத்தவரை, ஒரு மொழியின் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். தலையை அசைப்பது மட்டுமே அமெரிக்கச் சைகை மொழியில் ஒரு வாக்கியத்தை மறுக்கப் போதும். இத்தாலியச் சைகை மொழியில் கையால் செய்யும் மறுப்புச் சைகையும் வேண்டும்.

கையைப் பார்த்துக்கொண்டிருப்பது

முகத்தைப் பாருங்கள். கை தானாகவே கண்ணில் படும்.

பேசிக்கொண்டே சைகை செய்வது

வேண்டாம். இரண்டில் ஒன்று சிதையும். அது எப்போதும் சைகைதான்.

எல்லாக் கைவடிவத்துக்கும் பொருள் தேடுவது

வில்லியம் ஸ்டோக்கோ 1960-இல் அமெரிக்கச் சைகைகளைக் கைவடிவம், செய்யப்படும் இடம், அசைவு என்று பகுத்துக் காட்டினார். அந்தப் பகுப்பில் கைவடிவம் என்பது பேச்சிலுள்ள ஓர் ஒலியைப் போன்றது. தனியே அதற்குப் பொருள் இல்லை. இதைப் படித்தவர்கள் எங்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் பொருள்கள் இருப்பதையும் நகர்வதையும் விவரிக்கும் வினைகளில் கைவடிவமே பொருளின் வகையைச் சொல்கிறது. நிமிர்ந்த சுட்டுவிரல் நடந்துவரும் ஒருவர். அமெரிக்கச் சைகை மொழியில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் நீட்டிக் கட்டைவிரல் மேலிருக்கப் பக்கவாட்டில் பிடித்த கை ஒரு வாகனம். வாகனம் என்பதை மட்டுமே அது சொல்லும்; காரா, மிதிவண்டியா என்பதைச் சொல்லாது. ஆகவே முதலில் பெயர்ச் சைகை, அதன்பிறகே இந்தக் கைவடிவம். புதியவர்கள் பெயரை விட்டுவிட்டு நேராக ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

கார் மரத்தில் மோதியதைச் சொல்லும்போது, நிமிர்த்திப் பிடித்த முன்கைதான் மரம். மற்றக் கை அதை நோக்கி வர வேண்டும். பதற்றத்தில் இரண்டு கைகளையும் நகர்த்தினால் மரமும் காரை நோக்கி வந்துவிடும். காரின் கை ஓய்ந்த பிறகும் மரத்தின் கையைச் சற்று நேரம் கீழே இறக்காதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து எந்தப் பக்கம் இறங்கினார் என்று அடுத்துச் சொல்ல வேண்டியிருந்தால், அதற்கும் அந்த மரம் அங்கேயே நிற்க வேண்டும்.