ஆவரேஜ் இறங்குகிறது, நஷ்டம் ஏறுகிறது: சரியும் காயினில் மேலும் மேலும் பணம் போடும் தவறு

காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடைகளில் வேலை பார்க்கும் பையன்களிடம் கிரிப்டோ காயின் பேச்சை எடுத்தால் ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: "விலை இறங்கிடுச்சு, இன்னும் கொஞ்சம் போட்டு ஆவரேஜ் பண்ணிட்டேன்." கேட்பதற்கு நிதானமான, கணக்குத் தெரிந்த ஆளின் பேச்சு போலத்தான் இருக்கும். பத்தாயிரம் இருபதாயிரத்தோடு போயிருக்க வேண்டிய நஷ்டம் லட்சத்தைத் தொடுவது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தால்தான். எப்படி என்று ஒரே ஒரு காயினை வைத்துப் பார்ப்போம். 2022 மே மாதம் ஒரே வாரத்தில் மண்ணோடு மண்ணான லூனா அது.

அந்த மாதத் தொடக்கத்தில் ஒரு லூனா சுமார் 80 டாலர். டாலர் அப்போது 77 ரூபாய் அளவில் இருந்ததால் நம் பணத்தில் 6,160 ரூபாய். ஒருவர் 20,000 ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம், கையில் 3.25 காயின். மே 10ஆம் தேதி வாக்கில் விலை 30 டாலருக்கு, அதாவது 2,310 ரூபாய்க்கு வந்துவிட்டது. அவருடைய 20,000 இப்போது 7,500. நஷ்டம் 12,500 ரூபாய். வலிக்கும், ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் ஈடுகட்டிவிடக்கூடிய வலி.

அவர் விற்கவில்லை. இன்னொரு 20,000 போட்டார். 8.66 காயின் வந்து சேர்ந்தது. ஆவரேஜ் விலை 6,160-லிருந்து 3,360 ஆனது. மறுநாள், மே 11, விலை ஒரு டாலர் வரைக்கும் போனது. 77 ரூபாய். "இதற்குமேல் எங்கே இறங்கும்" என்று இந்த முறை 40,000 போட்டார். 519 காயின் வந்தது. மொத்தம் 531 காயின், போட்ட பணம் 80,000, ஆவரேஜ் 150 ரூபாய். 77 ரூபாயில் இருப்பது 150-க்கு வந்தால் போதும், போட்ட முதல் கைக்கு வந்துவிடும். முந்தின நாள் அது 2,310-ல் இருந்த காயின் ஆயிற்றே, 150 என்ன பெரிய உயரமா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மே 12 அன்று விலை ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. 531 காயினும் சேர்ந்து 400 ரூபாய். 13ஆம் தேதி ஒரு காயின் ஒரு பைசாகூடப் பெறவில்லை. மொத்தமாக ஐந்து ரூபாய்க்கும் குறைவு. முதல் 20,000-ஐ அப்படியே கைகழுவியிருந்தால்கூட நஷ்டம் 20,000-தான். ஆவரேஜ் பண்ணியதால் 80,000.

இந்த ஆள் முட்டாள் அல்ல. அவரை ஏமாற்றியது செயலியின் திரையில் சிவப்பு எழுத்தில் வரும் சதவீதம். மூன்றாவது முறை வாங்குவதற்கு முன்னால் அவர் போட்டிருந்தது 40,000. அதன் மதிப்பு 917 ரூபாய். திரையில் மைனஸ் 98 சதவீதம். 40,000 போட்டு வாங்கிய அடுத்த நொடியில் போட்டது 80,000, மதிப்பு 40,917. திரையில் மைனஸ் 49 சதவீதம். 98 என்பது 49 ஆகிவிட்டது! பாதி நஷ்டத்தைச் சரிக்கட்டிவிட்ட நிம்மதி வருகிறது. ஆனால் ரூபாயில் பாருங்கள்: வாங்குவதற்கு முன்னால் நஷ்டம் 39,083. வாங்கிய பிறகும் அதே 39,083. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நஷ்டம் வராத புதுப் பணத்தைக் கொண்டுவந்து கலந்ததால் சதவீதம் நீர்த்துப்போனது, அவ்வளவுதான். அந்தப் புதுப் பணமும் இப்போது அதே பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது. ஆவரேஜ் என்பது நாம் வாங்கிய விலைகளைப் பற்றிய கணக்கு. காயின் எங்கே போகும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலை நன்றாக இருந்தபோது அவர் போட்டது 20,000. காயின் உயிர் ஊசலாடும்போது போட்டது 40,000. ஆவரேஜை வேகமாக இறக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் போட்டாக வேண்டும். நிலைமை மோசமாக மோசமாகப் பந்தயம் பெரிதாகிக்கொண்டே போவது இந்த முறையின் உள்ளேயே இருக்கிற குணம்.

சரி, லூனா ஏன் திரும்பி வரவில்லை? யூஎஸ்டி என்ற இன்னொரு காயினோடு அது கட்டப்பட்டிருந்தது. யூஎஸ்டி எப்போதும் ஒரு டாலராக நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு யூஎஸ்டியைக் கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா புதிதாக அச்சடித்துத் தரப்படும். ஆங்கர் என்ற டெபாசிட் தளத்தில் யூஎஸ்டிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 20 சதவீத வட்டி கொடுத்ததால் பணம் குவிந்து, அதன் மொத்த அளவு 1,800 கோடி டாலர் வரை போயிருந்தது. மே 2022-ல் கூட்டம் வெளியேறத் தொடங்கியதும் யூஎஸ்டி ஒரு டாலருக்குக் கீழே நழுவியது. மலிவாகக் கிடைத்த யூஎஸ்டியை வாங்கி, கொடுத்து, ஒரு டாலர் லூனாவாக மாற்றி, அதைச் சந்தையில் விற்றார்கள். லூனா இறங்கியது. லூனா 80 டாலராக இருக்கும்போது ஒரு யூஎஸ்டிக்கு அச்சடிக்க வேண்டியது எண்பதில் ஒரு பங்கு காயின். ஒரு டாலராகும்போது முழுக் காயின். ஒரு சென்ட்டாகும்போது நூறு காயின். இறங்க இறங்க அச்சடிப்பு கூடியது, கூடக் கூட மேலும் இறங்கியது.

சரிவுக்கு முன்னால் சுமார் 35 கோடியாக இருந்த லூனாவின் எண்ணிக்கை, அதன் பிளாக்செயினை நிறுத்தியபோது ஏறக்குறைய 6.5 லட்சம் கோடி. பதினெட்டாயிரம் மடங்குக்கு மேல். நம் ஆளின் காயின் எண்ணிக்கை 3.25-லிருந்து 531 ஆனது 163 மடங்கு. நிறைய சேர்த்துவிட்டதாக அவர் நினைத்தார். உண்மையில் மொத்தத்தில் அவருடைய பங்கு முன்பிருந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய பெருக்கல் ஒன்றுதான். ஆவரேஜ் விலையைச் சந்தையில் உள்ள மொத்த காயின் எண்ணிக்கையால் பெருக்குவது. 150 ரூபாய் என்பது சுமார் 2 டாலர். 6.5 லட்சம் கோடி காயினால் பெருக்கினால் 13 லட்சம் கோடி டாலர். பிட்காயின் உட்பட உலகத்தின் எல்லா காயின்களும் சேர்ந்து 2021 நவம்பரில் எட்டிய உச்சமே 3 லட்சம் கோடி டாலர் அளவுதான். அந்த ஒரு காயின் மட்டும் அதைப்போல் நான்கு மடங்கு ஆனால்தான் அவருக்கு முதல் திரும்பும். விலைப்பட்டியல் போடும் எந்தத் தளத்திலும் 'சர்க்குலேட்டிங் சப்ளை' என்ற பெயரில் இந்த எண்ணிக்கை இருக்கும். அது போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். லூனா அளவுக்கு வெறித்தனமாக இல்லாவிட்டாலும், உருவாக்கியவர்களுக்கும் ஆரம்ப முதலீட்டாளர்களுக்கும் பூட்டி வைத்த காயின்கள் மாதாமாதம் திறந்துவிடப்பட்டு விற்பனைக்கு வரும் காயின்கள் ஏராளம். அவற்றிலும் இதே கதைதான் மெதுவாக நடக்கிறது.

"பிட்காயின் திரும்பி வந்ததே" என்று கேட்பார்கள். வந்தது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டு, ஓராண்டில் 16,000-க்கும் கீழே இறங்கி, 2024 மார்ச்சில் பழைய உச்சத்தைத் தாண்டியது. இறக்கத்தில் வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள். 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உருவாக முடியாத காயின் அது. பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுபவர் இறக்கத்தில் வாங்குவதும் வேறு விஷயம். குறியீட்டில் ஒரு கம்பெனி செத்தால் அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவார்கள். தனி ஒரு காயினுக்கு மாற்று ஆள் கிடையாது. திரும்பி வந்த ஒன்றிரண்டு மட்டும் நினைவில் நிற்கின்றன, வராதவற்றின் பெயரே மறந்துவிடுகிறது.

தேவகோட்டையில் பழைய வட்டிக்கடைக் கணக்கு எழுதிய ஒரு பெரியவரிடம் இதை விளக்கிச் சொன்னபோது, அவருக்குக் காயின் என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் உடனே பிடித்துக்கொண்டார். "தம்பி, கடன் வாங்குனவன் நொடிச்சுப் போறான்னு தெரிஞ்சா, பழசை வாங்குறதுக்காகப் புதுசாக் கொடுக்கப்படாது. புதுசைக் கொடுக்கணும்னா, அவன் இன்னிக்குத்தான் முதல் தடவை வாசப்படி ஏறுறான்னு நினைச்சு, கொடுக்கலாமா வேண்டாமான்னு பாக்கணும். அதுக்குப் பேரேட்டுல தனிப் பக்கம்." காயினுக்கும் அப்படியே செய்யலாம். இரண்டாவது முறை வாங்குவதைத் தனி வரவாக எழுதுங்கள்: என்ன காரணத்துக்கு வாங்குகிறேன், எந்த விலைக்கு வந்தால் விற்பேன். காரணம் என்ற இடத்தில் "முன்பு வாங்கியதன் ஆவரேஜை இறக்க" என்பதைத் தவிர எழுத வேறு எதுவும் இல்லையென்றால், வாங்கக் கூடாது.

இரண்டாவது, மூன்றாவது பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நம் ஊரில் பார்க்கிறேன். முதல் இருபதாயிரம் சம்பள மிச்சம். அடுத்தது வீட்டு நகை அடகு. காயின் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும், நகைக்கடன் வட்டி மாதாமாதம் வந்து நிற்கும். வரியும் ஆறுதல் தராது. 2022 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் காயின் லாபத்துக்கு 30 சதவீத வரி. நஷ்டத்தையோ வேறு வருமானத்தில் கழிக்க முடியாது, இன்னொரு காயினின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. பங்குச்சந்தை நஷ்டத்தை எட்டு ஆண்டு வரை சுமந்து ஈடுகட்டலாம். காயினில் 80,000 போனால் முழுக்க 80,000-ம் போனதுதான்.

இப்போது சரியும் காயின் கையில் இருந்தால், புதிதாக முடிவெடுக்கும் முன்னால் செயலியில் 'ஓப்பன் ஆர்டர்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். பத்து ரூபாய் இறங்கினால் இவ்வளவு, இருபது இறங்கினால் இவ்வளவு என்று போன வாரம் வரிசையாகப் போட்டு வைத்த வாங்கும் ஆர்டர்கள் அங்கே காத்துக்கொண்டிருக்கும். லூனா போல ஒரே இரவில் சரியும் காயினில் நீங்கள் தூங்கி எழுவதற்குள் அவை ஒன்றுவிடாமல் நிறைவேறிவிடும். முதலில் அவற்றை ரத்து செய்யுங்கள். விற்பதா வைத்திருப்பதா என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.