சிலிண்டரை மேடைக்கு அடியில் பூட்டி வைக்காதீர்கள்

தங்கச்சிமடத்தில் அக்கா புது வீடு கட்டியபோது, சிலிண்டர் கண்ணில் படக் கூடாதென்று அடுப்பு மேடைக்கு அடியில் அலமாரி அடித்து, கதவு போட்டு உள்ளே வைத்துவிட்டார்கள். கிரானைட்டில் ஓட்டை போட்டு டியூப்பை மேலே ஏற்றினார்கள். பார்க்க அழகுதான். மூன்றாம் மாதம் அரிசி எடுக்கக் குனிந்தபோது அக்காவுக்குக் கேஸ் வாடை அடித்தது. நின்று சமைத்த நாளெல்லாம் தெரியவே இல்லை.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவித் தேங்கும். அலமாரிக்குள் என்றால் அங்கேயே சேரும். உயரத்தில் இருக்கும் ஜன்னல் மட்டும் அதை வெளியேற்றிவிடாது, தரையை ஒட்டிக் காற்றோட்டம் வேண்டும். அலமாரிதான் வேண்டும் என்றால் கதவின் அடியிலும் மேலேயும் திறப்பு விடுங்கள். திறந்த இடத்தில், நிமிர்த்தி, அடுப்புக்குப் பக்கவாட்டில் வைப்பது இன்னும் நல்லது. அடுப்பு மட்டும் எப்போதும் சிலிண்டரின் தலைக்கு மேலான உயரத்தில் இருக்கட்டும்.

நம் கரையில் இன்னொரு தொல்லை, கச்சான் காற்று. அடுப்பு ஜன்னலுக்கு நேரே இருந்தால் தீ அணைந்துவிடும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். அதற்குப் பயந்து ஜன்னலையே மூடிவிடுகிறார்கள். அது தவறு. அடுப்பை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

சரி, அக்கா வீட்டில் கசிந்தது எங்கே? அடுப்பின் திருகுகளை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார் மெக்கானிக். கிரானைட் ஓட்டையின் கூரான விளிம்பில் உராய்ந்த இடத்தில் நுரை பொங்கியது. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது சாவை அழைப்பது. டியூப் முழு நீளமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் ஏஜென்சி மெக்கானிக்கை வைத்துச் செம்புக் குழாய் போட வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்பையும் 5 வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

வாடை வந்தால் முதலில் தீ, எண்ணெய் விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வில் பாதுகாப்பு மூடியை மாட்டுங்கள். அதற்காகத்தான் அந்த மூடி கயிற்றில் தொங்குகிறது, பலர் வந்த அன்றே தூர வீசிவிடுகிறார்கள். கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் கூடாது, அதன் பொறியே போதும். வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள்.

அப்புறம், உப்புக் காற்றில் ரெகுலேட்டரும் துருப்பிடிக்கும். திருகு இறுகினாலோ பூட்டு சரியாக விழாவிட்டாலோ எண்ணெய் விட்டு, தட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.