பெயர்ப்பட்டியல் இல்லாத தோட்டத்தில் வீடுகளைத் தெரிவு செய்ய

நுவரெலியா பக்கம் ஆய்வுக்குப் போகிறீர்கள், வீட்டுப் பட்டியல் கிடையாது. சரி, வரைபடத்தில் சம அளவுக் கட்டங்கள் போட்டு, குலுக்கல் முறையில் தெரிவு செய்யுங்கள். 80 கட்டங்களில் 8 எடுத்தால் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் ஓடை, பாதை பார்த்து நான்கு துண்டாக்கி ஒன்றைக் குலுக்கி எடுங்கள். அதிலுள்ள குடும்பங்களை எல்லாம் பட்டியலிட்டு, நான்குக்கு ஒன்று வீதம் குலுக்கலில் தெரிவு செய்தால், ஒவ்வொரு குடும்பத்தின் எடை, அதாவது அது எத்தனை குடும்பங்களுக்காக நிற்கிறது என்பது, 10 × 4 × 4 = 160.

பிழை வருவது எல்லையில்தான். 12 காம்பரா லயன் வீட்டு வரிசை ஒன்றை கட்டக்கோடு நடுவில் வெட்டும். வாசற்கதவு எந்தப் பக்கமோ, குடும்பமும் அந்தப் பக்கம் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இரட்டை லயனில் பின்பக்கக் கதவுகளையும் சுற்றிப் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கதவை மட்டும் எண்ணினாலும் போதாது. "ஒரே உலையா, தனி உலையா அக்கா?" என்று கேட்டால், ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம் இருப்பது தெரியவரும்.

தெரிவான துண்டில் வெறும் தேயிலைதான் இருக்கிறதா? பூச்சியம் என்றே பதியுங்கள். பக்கத்துத் துண்டுக்கு மாறினால் அந்த 160 பொய்யாகிவிடும்.